பணம் கழிந்தது, ரசீது வரவில்லை: பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம்

பள்ளிக் கட்டணத்தை இணையம் வழியாகக் கட்டும்போது சில நேரம் பெற்றோரின் வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிடுகிறது; பள்ளியின் கட்டணப் பக்கமோ இன்னும் பாக்கி இருப்பதாகவே காட்டுகிறது. ரசீது உருவாவதில்லை. அப்போது பெற்றோர் கையில் மிஞ்சுவது, கைப்பேசித் திரையிலிருந்து எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட். அதை இணைத்துப் பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுவதுதான் வழக்கமான வழி. அந்தக் கடிதம் அன்றைக்கே வேலையைத் தொடங்கி வைக்குமா, மேசையில் கிடக்குமா என்பது அதில் உள்ள விவரங்களைப் பொறுத்தது. எந்த விவரம் வேண்டும் என்று தெரிய, பணம் எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பெற்றோர் கட்டணப் பக்கத்தில் ‘செலுத்து’ என்று அழுத்தியதும் பணம் நேராகப் பள்ளியின் கணக்குக்குப் போவதில்லை. இடையில் பேமெண்ட் கேட்வே எனப்படும் ஒரு நிறுவனம் இருக்கிறது. யூபிஐ வழியாகக் கட்டினால் பெற்றோரின் வங்கியிலிருந்து பணம் அந்த நிறுவனத்தின் கணக்குக்குச் சென்று சேரும். நிறுவனம் அதைச் சற்றுத் தாமதமாக, பெரும்பாலும் அடுத்த வேலை நாளில், பள்ளியின் கணக்கில் வரவு வைக்கும். இதற்கிடையில் ‘இன்ன மாணவருக்கான பணம் வந்துவிட்டது’ என்ற ஒரு செய்தி கேட்வேயிலிருந்து பள்ளியின் கட்டண மென்பொருளுக்குத் தனியாகப் போகிறது. ரசீதை உருவாக்குவது அந்தச் செய்திதான். பணம் ஒரு வழியில் போகிறது, செய்தி இன்னொரு வழியில் போகிறது. செய்தி வழியில் நின்றுபோனால் பணம் போய்ச் சேர்ந்திருந்தும் ரசீது இருக்காது.

செய்தி நின்றுபோவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. கடைசித் தேதியன்று இரவு எல்லாப் பெற்றோரும் ஒரே நேரத்தில் கட்டும்போது பள்ளியின் சர்வர் பதில் சொல்லாமல் திணறலாம். யூபிஐ செயலியில் பின் எண்ணைப் போட்டுவிட்டுக் கட்டணப் பக்கத்துக்குத் திரும்புவதற்குள் அந்தப் பக்கத்துக்கு உரிய நேரம் முடிந்திருக்கலாம். திரை வெறுமையாக நிற்கிறதே என்று யாராவது பின் பொத்தானை அழுத்தியிருக்கலாம். நல்ல மென்பொருள் என்றால் சிறிது நேரம் கழித்துத் தானே கேட்வேயிடம் மறுபடி விசாரித்து ரசீதைப் போட்டுவிடும். எல்லாப் பள்ளிகளிலும் அப்படிப்பட்ட மென்பொருள் இருப்பதில்லை.

ஆகவே பணம் கழிந்து ரசீது வராத நிலையில், பணம் மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கிறது. ஒன்று, பள்ளிக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. ரசீது மட்டும் இல்லை. இரண்டு, கேட்வே நிறுவனத்தின் கையில் நிற்கிறது. கட்டணம் ஏற்கப்பட்டதா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. மூன்று, வங்கிகளுக்கு இடையிலேயே பரிவர்த்தனை தோற்றுவிட்டது. பணம் பெற்றோரின் கணக்குக்கே திரும்பி வரும். வீட்டில் இருந்தபடி இந்த மூன்றில் மூன்றாவதை மட்டும் உறுதியாகக் கண்டுபிடிக்கலாம்: வங்கிக் கணக்கு விவரப் பட்டியலில் அதே தொகை வரவாகத் திரும்பி வந்திருக்கும். மற்ற இரண்டையும் பிரித்துச் சொல்லப் பள்ளியின் கணக்குப் பிரிவால்தான் முடியும். கடிதத்தின் வேலையே அந்தத் தேடலைச் செய்ய வைப்பதுதான்.

இங்கேதான் ஸ்கிரீன்ஷாட்டின் வரம்பு தெரிகிறது. பணம் பெற்றோரின் கணக்கைவிட்டுப் போனதை அது காட்டும். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததைக் காட்டாது. போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கும் செயலிகள் புழக்கத்தில் இருப்பதால், படத்தை மட்டும் பார்த்து ரசீது போட எந்தக் கணக்காளரும் துணியமாட்டார். அது பெற்றோர் மீதான சந்தேகம் அல்ல. தணிக்கையின்போது ஒவ்வொரு ரசீதுக்கும் எதிரே ஒரு வரவு காட்டியாக வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. எனவே ‘படம் இருக்கிறது, ரசீது கொடுங்கள்’ என்று கேட்கும் கடிதம் முட்டிக்கொண்டு நிற்கும். ‘படத்தில் உள்ள இந்த எண்ணை வைத்து வரவைச் சரிபாருங்கள்’ என்று கேட்கும் கடிதம் நகரும்.

அந்த எண்தான் யூடிஆர் எண். யூபிஐ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் 12 இலக்கத்தில் ஓர் எண் உண்டு. பெற்றோரின் வங்கி, எதிர் வங்கி, இடையிலுள்ள நிறுவனம் என்று எல்லோருடைய பதிவிலும் அதே எண்தான் இருக்கும். செயலிகளில் இது ‘UTR’ என்றோ ‘UPI transaction ID’ என்றோ ‘UPI Ref No’ என்றோ தெரியும். பெரும்பாலும் இதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். 2025 ஜூன் 12 அந்த ஆண்டின் 163ஆவது நாள் என்பதால், அன்றைய எண்கள் 5163 என்று தொடங்கியிருக்கும். கையால் எழுதும்போது இலக்கம் தவறிப் போனதா என்று பார்க்க இது உதவும். இதே திரையில் செயலி தனக்கென்று வைத்திருக்கும் நீளமான, எழுத்தும் எண்ணும் கலந்த இன்னோர் அடையாளமும் இருக்கலாம். பள்ளிக்கு அதனால் பயன் குறைவு. பள்ளிக்கு உதவும் இரண்டாவது எண், கட்டணப் பக்கம் காட்டிய ஆர்டர் எண். அது கிடைத்திருந்தால் கணக்காளரின் தேடல் சில நொடிகளில் முடிந்துவிடும்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பலர் செய்யும் பிழை, பச்சை நிற ‘டிக்’ குறி வரும் முதல் திரையை மட்டும் எடுப்பது. அதில் தொகையும் பெயரும் இருக்கும். யூடிஆர் எண் இருப்பது அரிது. செயலியின் பழைய பரிவர்த்தனைப் பட்டியலுக்குள் போய் அந்தக் கட்டணத்தைத் தொட்டுத் திறந்தால் விவரத் திரை வரும். தொகை, நாள், நேரம், பெறுபவர் பெயர், பெறுபவரின் யூபிஐ முகவரி, எந்த வங்கிக் கணக்கிலிருந்து கழிந்தது, நிலை ‘Success’ஆ ‘Pending’ஆ என்பது, யூடிஆர் எண் எல்லாம் அதில் இருக்கும். எடுக்க வேண்டியது அந்தத் திரையைத்தான். ஓரத்தை வெட்டாமல், மேலே வட்டம் கோடு எதுவும் போடாமல் எடுத்தபடியே அனுப்ப வேண்டும்; திருத்தப்பட்டதுபோல் தோன்றும் படத்துக்கு மதிப்புப் போய்விடும். கணக்கில் மீதமுள்ள தொகை தெரியும் படமாக இருந்தால் அதை அனுப்பாமல் வேறு திரையை எடுத்துக்கொள்வது நல்லது. இதனுடன் கட்டணப் பக்கம் இன்னும் பாக்கி காட்டுவதையும் ஒரு படமாக எடுத்து வைக்க வேண்டும். இரண்டு படமும் சேர்ந்தால்தான் ‘போனது, ஆனால் பதியவில்லை’ என்ற முழு நிலவரமும் தெரியும்.

படத்தில் பெறுபவர் பெயராகப் பள்ளியின் பெயருக்குப் பதில் கேட்வே நிறுவனத்தின் பெயரோ, பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் பெயரோ இருக்கலாம். முந்தைய பருவத்தில் சரியாகக் கட்டிய பரிவர்த்தனையைத் திறந்து பார்த்தால் அப்போதும் அதே பெயர் இருந்ததா என்று தெரிந்துவிடும். பெயர் மாறியிருந்தால் அதைக் கடிதத்தில் தனியாகக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் பணம் வேறு யாருக்கோ போயிருக்கவும் வாய்ப்புண்டு.

ஒரு குடும்பத்தின் நிலையை எடுத்துக்கொண்டு கடிதத்தை எழுதிப் பார்க்கலாம். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் முதல் பருவக் கட்டணம் ரூ.18,500. கடைசி நாள் ஜூன் 15. ஜூன் 12, வியாழன் இரவு 9.42 மணிக்கு அவளுடைய தாய்மாமன் தன் கணக்கிலிருந்து யூபிஐயில் கட்டுகிறார். வங்கிக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. கட்டணப் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. மறுபடி உள்ளே போனால் ரூ.18,500 பாக்கி என்று வருகிறது. மறுநாள் காலையிலும் பணம் திரும்பவில்லை, ரசீதும் இல்லை. அன்றைக்குத் தந்தை எழுத வேண்டிய கடிதம் இப்படி இருக்கும்:

அனுப்புநர்
மாணவியின் தந்தை,
(பெயர், முகவரி, கைப்பேசி எண்)

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
(பள்ளியின் பெயர், ஊர்)

நாள்: 13.06.2025

பொருள்: ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, சேர்க்கை எண் 2147 – முதல் பருவக் கட்டணம் ரூ.18,500 வங்கியில் கழிந்தும் ரசீது வராதது – வரவைச் சரிபார்த்து ரசீது வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். என் மகள் (பெயர்) தங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கிறாள். அவளுடைய முதல் பருவக் கட்டணம் ரூ.18,500-ஐ 12.06.2025 அன்று இரவு 9.42 மணிக்குப் பள்ளியின் கட்டணப் பக்கம் வழியாக யூபிஐயில் செலுத்தினோம். பணம் என் மைத்துனர் (பெயர்) அவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து கழிந்தது. யூடிஆர் எண்: 516300123456. கட்டணப் பக்கம் ரசீது தராமல் நின்றுவிட்டது. இன்று காலை 9 மணி வரை கட்டணம் பாக்கி என்றே காட்டுகிறது. பணமும் கணக்குக்குத் திரும்பவில்லை.

மேற்கண்ட யூடிஆர் எண்ணைக் கேட்வே நிறுவனத்தின் பரிவர்த்தனைப் பட்டியலில் சரிபார்க்கும்படி கணக்குப் பிரிவுக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டுகிறேன். பணம் வந்திருந்தால் 12.06.2025 தேதியிட்டு ரசீது வழங்கவும், வரவில்லை என்றால் அதை எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். சரிபார்ப்பு முடியும்வரை தாமதக் கட்டணம் விதிக்காமல் இருக்கவும் வேண்டுகிறேன். இருமுறை பணம் போவதைத் தவிர்க்க, அதுவரை மீண்டும் செலுத்தாமல் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: 1. பரிவர்த்தனை விவரத் திரையின் படம். 2. பாக்கி காட்டும் கட்டணப் பக்கத்தின் படம்.
நகல்: கணக்குப் பிரிவு.

இந்தக் கடிதத்தில் யூடிஆர் எண் எழுத்தாகவே எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘விவரம் இணைப்பில் உள்ளது’ என்று எழுதிவிட்டால், கணக்காளர் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து அடிக்க வேண்டியிருக்கும். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்த படத்தில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாமல் போவதுண்டு. வாட்ஸ்அப்பில் பலமுறை கைமாறிய படமும் மங்கிவிடும். எண்ணைக் கடிதத்தில் எழுதி, அது சரி என்று காட்டப் படத்தை இணைப்பதே முறை. மின்னஞ்சலில் அனுப்பினால் அந்த எண்ணை அப்படியே நகலெடுத்துத் தேடவும் முடியும்.

மாமன் கணக்கு என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பணம் அனுப்பியவர் பெயரை வைத்துத் தேடினால் மாணவியின் பெயரோ தந்தையின் பெயரோ வராது. பள்ளி வாசலில் ஒட்டியிருக்கும் பொதுக் கியூஆர் குறியில் கட்டுவோருக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. அந்தக் குறியில் மாணவர் யார் என்ற விவரமே போகாது. பணம் சேர்ந்திருந்தும் யாருக்கு என்று தெரியாமல் பள்ளியின் கணக்கில் அடையாளமற்ற வரவாக நிற்கும். அப்படிக் கட்டியவர்கள் சேர்க்கை எண்ணையும் கணக்குக்குரியவரின் பெயரையும் எழுதாவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கடிதத்தில் ‘கேட்வே நிறுவனத்தின் பரிவர்த்தனைப் பட்டியலில்’ என்று குறிப்பாகச் சொன்னது இதில் மிக முக்கியமான சொற்றொடர். கடிதம் வந்ததும் கணக்காளர் பள்ளியின் வங்கிப் பட்டியலை எடுத்து ரூ.18,500 வரவு இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்காது. ‘உங்கள் பணம் வரவில்லை’ என்று பதில் வரும். பெரும்பாலான பள்ளிகளில் இந்தப் பிணக்கு இந்த இடத்தில்தான் வாய்த் தகராறாக மாறுகிறது, இருபக்கமும் உண்மையே பேசியும்கூட. கேட்வே நிறுவனம் ஒவ்வொரு பெற்றோரின் பணத்தையும் தனித்தனியாக அனுப்புவதில்லை. ஒரு நாளில் சேர்ந்ததையெல்லாம் கூட்டி, தனக்குரிய கட்டணம் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, ஒரே தொகையாக அனுப்புகிறது. அன்று பத்துப் பேர் தலைக்கு ரூ.18,500 கட்டியிருந்தால் பள்ளியின் வங்கிப் பட்டியலில் தெரிவது ரூ.1,85,000 அல்லது அதைவிடச் சற்றுக் குறைவான ஒரே வரி. அந்தத் தொகைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்ற பிரிவு, கேட்வே தரும் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டில் மட்டும் இருக்கும். அந்த ரிப்போர்ட்டில் யூடிஆர் எண்ணைத் தேடினால் ஒன்று கிடைக்கும், அல்லது தோற்ற பரிவர்த்தனைகளின் பட்டியலில் கிடைக்கும். கிடைத்த இடமே பதில். இங்கே ஒரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும்: கேட்வே பள்ளிக்கு அனுப்பிய மொத்தத் தொகைக்கும் தனியாக ஒரு யூடிஆர் எண் இருக்கும். அது பெற்றோரின் எண்ணோடு பொருந்தாது.

கணக்குப் பிரிவிலேயே முடியக்கூடிய வேலைக்கு முதல்வருக்கு எழுதுவது ஏன் என்ற கேள்வி வரலாம். மென்பொருள் தானாகப் போடாத ரசீதைக் கையால் பதிந்து கொடுப்பதற்கும், தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதற்கும் கணக்காளருக்குப் பொதுவாகத் தனி அதிகாரம் இருக்காது. மேலிருந்து ஒரு கையொப்பம் வேண்டும். முதல்வர் பணத்தைத் தேடப்போவதில்லை. ‘சரிபார்க்கவும்’ என்று ஓரத்தில் எழுதிக் கீழே அனுப்புவார். பொருள் வரியிலேயே வகுப்பு, சேர்க்கை எண், தொகை மூன்றும் இருந்தால் அவர் முழுதும் படிக்காமலே அதைச் செய்துவிடலாம். பள்ளியின் மென்பொருளைக் குறை சொல்லும் பத்திகள், ‘இது மூன்றாவது முறை’ என்பது போன்ற பழைய கணக்குகள் எல்லாம் இந்தக் கடிதத்தில் இடம்பெறாமல் இருப்பதே நல்லது. அவற்றுக்குப் பதில் எழுத நேர்ந்தால் ரசீது தள்ளிப்போகும்.

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். தாமதக் கட்டணம் பற்றிப் பின்னால் பேச்சு வந்தால், கடைசி நாளுக்கு முன்பே தெரிவித்ததற்கு அதுதான் அத்தாட்சி.

பள்ளியிலிருந்து ‘பணம் வரவில்லை’ என்று உறுதியான பதில் வந்தால் அடுத்த கதவு பெற்றோரின் வங்கி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்கென ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அது அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. யூபிஐ வழியாக வணிக இடம் ஒன்றுக்குப் பணம் செலுத்தி, கணக்கில் கழிந்தும் அங்கே உறுதிச் செய்தி சேரவில்லை என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. இந்த நாள்கள் காலண்டர் நாள்கள். மேற்சொன்ன குடும்பத்துக்கு அந்தக் கெடு ஜூன் 17. அதுவரை பள்ளியின் சரிபார்ப்புக்காகக் காத்திருப்பதில் நட்டமில்லை. ஜூன் 18 ஆகியும் பணமும் வராமல் ரசீதும் வராமல் இருந்தால், யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் பதியலாம். வங்கியிலும் எழுத்தில் கொடுக்கலாம். பள்ளி எழுதிக் கொடுத்த ‘பணம் வரவில்லை’ என்ற பதில் அப்போது இணைக்க வேண்டிய மிக வலுவான ஆவணம். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இந்த ஐந்து நாள் விதியும் ரூ.100 இழப்பீடும் பரிவர்த்தனை தோற்றுப்போனால் மட்டுமே பொருந்தும். பணம் பள்ளியில் சேர்ந்து, ரசீது போடுவதில் மட்டும் தாமதம் என்றால் வங்கிக்கு அதில் பொறுப்பில்லை. வங்கி ‘பரிவர்த்தனை வெற்றி’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். அந்தப் பதிலும் வீணல்ல. வங்கியின் பதிலையும், முத்திரையிட்ட வங்கிக் கணக்குப் பட்டியலின் அந்தப் பக்கத்தையும் இணைத்து முதல்வருக்கு இரண்டாவது கடிதம் எழுதினால், முதல் கடிதத்தில் ஸ்கிரீன்ஷாட்டால் சொல்ல முடியாததை அவை சொல்லிவிடும்.

கடைசி நாள் நெருங்கும் பதற்றத்தில் இரண்டாம் முறை கட்டிவிடும் பெற்றோர் உண்டு. ‘Pending’ என்றிருந்த முதல் பணம் சில மணி நேரம் கழித்து ‘Success’ ஆகி, இரண்டு முறையும் பணம் பள்ளிக்குப் போய்விடும். அப்படி ஆனால் கேட்க வேண்டியது ரசீது அல்ல. இரண்டு யூடிஆர் எண்களையும் எழுதி, கூடுதலாகச் சேர்ந்த தொகையைத் திருப்பித் தரும்படியோ அடுத்த பருவத்தில் கழித்துக்கொள்ளும்படியோ கேட்கும் வேறு கடிதம். அதேபோல், கடிதம் கொடுத்தபின் பணம் கணக்குக்குத் திரும்பிவிட்டால் அன்றைக்கே பள்ளிக்கு இரண்டு வரி எழுதிச் சொல்லிவிட்டுக் கட்டணத்தைப் புதிதாகச் செலுத்த வேண்டும்; இல்லையென்றால் கணக்காளர் இல்லாத பணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

ரசீது கைக்கு வந்ததும் அதில் மாணவியின் பெயர், சேர்க்கை எண், பருவம், தொகை, பணம் செலுத்திய தேதி ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கையால் பதியும் ரசீதுகளில் பதிந்த தேதி விழுந்துவிடுவது வழக்கம். அது கடைசி நாளுக்குப் பிந்தியதாக இருந்தால் மென்பொருள் தாமதக் கட்டணத்தைத் தானாகச் சேர்த்துவிடும். படிப்புக் கட்டணம் தனியாகவும் மற்றக் கட்டணங்கள் தனியாகவும் பிரித்துக் காட்டப்பட்டுள்ளனவா என்பதும் முக்கியம். பழைய வரிமுறையில் வருமான வரிக் கழிவு கேட்போருக்கு இரண்டு குழந்தைகள்வரை படிப்புக் கட்டணத்துக்கு மட்டுமே கழிவு உண்டு; வளர்ச்சி நிதிக்கும் நன்கொடைக்கும் கிடையாது. அந்தக் கழிவுக்கு அலுவலகம் கேட்பது பள்ளி தரும் ரசீதைத்தான், ஸ்கிரீன்ஷாட்டை ஏற்கமாட்டார்கள்.